கோயில்காட்டை எப்படிப் பார்ப்பது?

கோயில்காட்டுக்குப் போகும் பலர் நேரே சாமி இருக்கும் இடத்துக்குப் போய்க் கும்பிட்டு, பொங்கல் வைத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காடு அவர்களுக்கு நிழல், அவ்வளவுதான். அடுத்த முறை சாமியைக் கொஞ்ச நேரம் காக்க வையுங்கள். காட்டின் ஓரத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். ஐயனாரும் கருப்பனும் முனியும் அங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது அப்போதுதான் பிடிபடும்.

முதலில், ஊர்க்காரர்கள் எந்த இடத்தில் செருப்பைக் கழற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். சன்னதி வாசலில் கழற்றினால் சாமி கட்டடத்துக்குள் இருக்கிறது என்று பொருள். முதல் மரம் தொடங்கும் இடத்திலேயே கழற்றினால் காடு முழுவதுமே சாமி. இந்த ஒரு எல்லையைப் பார்த்தே அந்தக் காட்டின் நிலைமையை ஓரளவு சொல்லிவிடலாம். செருப்பு கழற்றும் இடம் தலைமுறைக்குத் தலைமுறை உள்ளே நகர்ந்துகொண்டே போயிருந்தால், காடும் சேர்ந்தே சுருங்கியிருக்கும்.

அடுத்துத் தரையைப் பாருங்கள். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சற்று உள்ளே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு இருக்கிறது. சோழமண்டலக் கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. வீரை, உலக்கைப்பாலை, காயா போன்ற மரங்கள் பெரிதாக உயர்வதில்லை. கோடையிலும் முழுக்க உதிராத, சிறிய, தடித்த இலைகள் இவற்றுக்கு. பக்கத்துத் தைலமரத் தோப்பிலிருந்து இங்கே நுழைந்தால் வெயில் சட்டென்று அறுந்துவிடும். மரத்துக்கு மரம் தாவும் கொடிகள் கை தடிமனுக்கு இருக்கும். அப்படிக் கொடி தடிக்க நெடுங்காலம் ஆகும் என்பதால், அரிவாள் படாத இடத்துக்குக் கொடிதான் நல்ல சாட்சி.

பல கோயில்காடுகளில் விழுந்த மரத்தைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. சாமிக்குப் பொங்கல் வைக்க மட்டும் சுள்ளி பொறுக்கலாம். வீட்டு அடுப்புக்கு ஆகாது. மக்கும் மரத்தில் கறையானும் காளானும் வாழும். சருகுக்கடியில் விதை முளைக்கும். நன்றாகக் கூட்டிப் பெருக்கிய கோயில்காடு பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய மரத்தடியில் முழங்கால் உயரக் கன்றுகள் இல்லையென்றால், அந்தக் காட்டுக்கு அடுத்த தலைமுறை இல்லை.

மண்குதிரைகளுக்கு இப்போது வரலாம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடக்கும். விழாவுக்கு முன்பு ஊர் சார்பில் ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். பிடிமண் கொடுத்தாகிவிட்டது என்றால் வேலை தொடங்கிவிட்டது. வேளார் குதிரைகளை வனைந்து, சுட்டு, வண்ணம் தீட்டுவார். ஊர் கூடி அவற்றைச் சுமந்து வந்து காட்டில் வைக்கும். ஐயனார் இரவில் இந்தக் குதிரைகளில் ஏறி எல்லையைச் சுற்றி வருவார் என்பது நம்பிக்கை. புதிய குதிரையைவிடப் பழைய குதிரைகளைத்தான் நின்று பார்க்க வேண்டும். கால் உடைந்தது, கழுத்து போனது, வயிற்றுக்குள் செடி முளைத்தது என்று கிடக்கும். யாரும் ஒட்டவைப்பதில்லை, அள்ளி எறிவதுமில்லை. விழுந்த கிளையைப் போலவே அவையும் கிடந்த இடத்தில் மண்ணாகும். சிமெண்டுக் குதிரைக்கு இந்த யோகம் கிடையாது. எனக்கு அதன்மேல் பிரியம் வராததற்கும் அதுதான் காரணம்.

கதை கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 'இந்தக் கோயிலின் வரலாறு என்ன?' என்று பெரியவர்களிடம் கேட்டால், அழகாகச் செதுக்கிய தலபுராணம் வரும். 'இங்கே மரம் வெட்டினவங்க யாராவது உண்டா தாத்தா? அவங்களுக்கு என்ன ஆச்சு?' என்று கேளுங்கள். வேறொரு கதை வரும். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் சட்டகம் பெரும்பாலும் ஒன்றுதான். ஏர்க்காலுக்கோ வீட்டு உத்திரத்துக்கோ ஒருவன் பச்சை மரத்தில் கை வைப்பான். வெட்டிய இடத்தில் ரத்தம் கசியும், அல்லது வீடு திரும்புவதற்குள் கண் மங்கும், மாடு சாகும். பிறகு சாமியாடி சொன்னபடி ஒரு குதிரை எடுத்து வைப்பான்; குணமாகும்.

இதில் பேய்த்தனத்தை மட்டும் ரசித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கதையும் எந்தக் காரியத்தைத் தடுக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். உச்சிவேளையில் முனி நடமாடும் என்றால், அந்த நேரம் காட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. ஆலமரத்தில் இசக்கி இருக்கிறாள் என்றால், அந்த ஆலில் யாரும் கிளை கழிக்க மாட்டார்கள். தண்டனைக்குப் பரிகாரம் இருப்பதும் முக்கியம். செய்த தப்பை ஊரறிய ஒப்புக்கொண்டு, செலவு செய்து, திரும்ப ஊரோடு சேர வழி விட்டிருக்கிறார்கள். வனக்காவலர் இல்லாத ஊரில் அபராதம், விசாரணை, மன்னிப்பு மூன்றையும் கதையே நடத்தியிருக்கிறது.

இதற்காக நம் முன்னோர் எல்லோரையும் சூழலியல் ஞானிகள் ஆக்கிவிட வேண்டாம். சாமி காட்டில் ஒரு குச்சி ஒடிக்கப் பயந்தவர்கள் எதிரே இருந்த புறம்போக்கை மொட்டையடித்திருக்கிறார்கள். எல்லைக்கு வெளியே முனிக்கு அதிகாரம் இல்லை. உள்ளேயும் எல்லோருக்கும் ஒரே நீதி இல்லை. சில காடுகளில் பெண்கள் போகக் கூடாத பகுதி உண்டு. சில இடங்களில் எந்தச் சாதி எதுவரை வரலாம் என்று கணக்கு உண்டு. மரத்துக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்கும்போது மனிதருக்குக் கிடைக்காததையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனாலும் அந்தப் பயம் காப்பாற்றிக் கொடுத்தது கொஞ்சமல்ல. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அது மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. பின்னாளில் அங்கே மண்ணுக்குரிய காட்டை வளர்க்க நினைத்தவர்கள், விதைக்காக அந்த வட்டாரத்துக் கோயில்காடுகளைத்தான் தேடிப் போனார்கள். வேறெங்கும் அழிந்துபோன மரங்களின் தாய்மரங்கள் ஐயனார் காவலில் இருந்தன.

இன்று அந்தக் காவலை உடைப்பது பெரும்பாலும் பக்திதான். கூட்டம் பெருகினால் வாகனம் நிறுத்த இடம் வேண்டும், சமையலுக்குக் கொட்டகை வேண்டும். வெட்டவெளிச் சாமிக்குக் கோபுரம் கட்டிக் கும்பாபிஷேகம் செய்ய நிதி திரட்டுவார்கள். சாமிக்கு வீடு வந்ததும் காடு வெறும் காலிமனையாகத் தெரியத் தொடங்கும். கோடரி எடுத்தவனுக்குக் கண் போன கதை, ஜேசிபி ஓட்டுநரிடம் செல்லுபடியாவதில்லை. அவர் வெளியூர்க்காரர், கதையையே கேட்டிருக்க மாட்டார்.

சட்டமும் இப்போதுதான் துணைக்கு வருகிறது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் உள்ள வீரக்கோயில் காட்டைத் தமிழக அரசு 2025-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. பரப்பு 4.97 ஹெக்டேர், ஏறக்குறைய 12 ஏக்கர். மற்ற காடுகளின் கதி பெரும்பாலும் அந்தந்த ஊர்க்காரர்கள், பங்காளிகள், கோயில் கமிட்டி கையில்தான் இருக்கிறது. உங்கள் குலதெய்வக் கோயிலிலும் திருப்பணி நோட்டீஸ் ஒருநாள் வரும். நன்கொடை எழுதும் முன் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, எத்தனை மரம் போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.