விதியில் தேறி, துணியில் மங்கும் கோடு

டி-ஷர்ட்டுக்கான ஓவியத்தை அச்சுக்கு அனுப்பும் முன் நிறங்களின் எண்ணிக்கை, கோடுகளின் தடிமன், அச்சு விழும் இடம் ஆகிய மூன்று வரம்புகளையும் சரிபார்ப்பது திருப்பூர் போன்ற பின்னலாடை நகரங்களின் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளில் வழக்கமாக உள்ளது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், அதாவது மை கடந்து செல்லும் வலை கட்டிய சட்டம் ஒன்று தேவைப்படுவதால், நிறங்களை முன்கூட்டி எண்ணுவது செலவோடு பிழையையும் காட்டிக்கொடுக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இரு சிவப்புகள் கோப்பில் வெவ்வேறு பெயர்களில் பதிவாகியிருந்தால், அவை இரண்டு பிலிம்களாகப் பிரியும் என்பது அப்போதே தெரிந்துவிடும். இந்தப் பயனை எவரும் மறுப்பதற்கில்லை.

ஆனால் மூன்று வரம்புகளையும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தனித்தனியே பார்ப்பதில்தான் இந்நடைமுறையின் குறை இருக்கிறது. கறுப்புத் துணியில் சிவப்பும் மஞ்சளும் அடிக்க வேண்டிய ஓர் ஓவியத்தைக் கொள்வோமானால், கோப்பில் இரண்டு நிறங்களே இருப்பினும், மேல்நிறங்கள் கறுப்பில் அமிழ்ந்துபோகாதிருக்க முதலில் வெள்ளை அடிப்பூச்சு ஒன்று தேவைப்படுவதால் ஸ்கிரீன்கள் மூன்றாகின்றன. அவ்வெள்ளை ஓரங்களில் வெளித்தெரியாதிருக்க அதன் வடிவத்தை எல்லாப் பக்கமும் சற்று உள்ளே சுருக்குவர். இச்சுருக்கம் பக்கத்துக்கு அரைப் பாயின்ட் எனில் (ஒரு பாயின்ட் ஏறத்தாழ 0.35 மி.மீ.), குறைந்தது 1 பாயின்ட் தடிமன் வேண்டும் என்ற விதியில் தேறிய மஞ்சள் கோட்டின் அடியில் வெள்ளையே எஞ்சுவதில்லை. அங்கு மஞ்சள் நேரே கறுப்பின்மேல் விழுந்து, பச்சை கலந்த அழுக்கு நிறமாகத் தெரிகிறது. 2 பாயின்ட் கோட்டுக்கோ 1 பாயின்ட் வெள்ளை எஞ்சும். நிறத்தை எண்ணியவரும் கோட்டை அளந்தவரும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்க, பிழை இருவருக்கும் நடுவே நுழைந்துவிடுகிறது.

இடத்தைச் சரிபார்ப்பது இன்னும் பலவீனமானது. கழுத்துக்குக் கீழே 3 அங்குலம் என்று, கணினித் திரையில் உள்ள தைத்த சட்டையின் படத்தின்மேல் அளப்பர். ஆனால் வெட்டிய துணிப் பீஸின்மேல், தைப்பதற்கு முன்பே அச்சடிக்கும் இடங்களில் அந்த அளவு வெட்டு விளிம்பிலிருந்து எடுக்கப்படுவதால், தையலுக்குள் மடிந்துபோகும் துணியின் அளவுக்கு ஓவியம் கழுத்தை நெருங்கிவிடுகிறது. செலவு கருதி எல்லா அளவுச் சட்டைகளுக்கும் ஒரே ஸ்கிரீனைப் பயன்படுத்தும்போது, எல் அளவில் பொருந்தும் 12 அங்குல அகல ஓவியம் சிறுவர் சட்டையில் அக்குள் வரை போய்விடும் என்பதும் இப்படத்தில் தெரிவதில்லை.

ஆகவே கோட்டின் தடிமனை மூல ஓவியத்தில் அன்றி, நிறம் பிரித்தபின் அடிவெள்ளையின் பிலிமில் அளப்பதும், இடத்தை மிகச் சிறிய அளவின் வெட்டுப் பீஸில் குறிப்பதுமே பொருத்தமானது. துணியின் பின்னல் மையை எவ்வளவு உறிஞ்சும் என்பதை எந்த அளவுகோலும் சொல்லாதாகையால், அதே துணியில் அடித்த ஒரு சாம்பிள் இல்லாமல் எந்த ஓவியத்தையும் தேறியதாகக் கொள்ளலாகாது.