மூலத்தரவு இல்லாத விளக்கப்படத்தில் அச்சுப்பெயரைத் திருத்துதல்: பெரியபாளையம் நிலத்தடி நீர்ப் படம் ஒன்றை முன்வைத்து

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆரணியாற்றின் கரையில் அமைந்த பெரியபாளையம், பவானி அம்மன் கோயிலால் பலரும் அறிந்த ஊர். நிலத்தடி நீரை ஆய்வோர்க்கு அவ்வூர் வேறொரு காரணத்தால் முக்கியமானது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் படியவைத்த மணற்படுகைகளிலிருந்து சென்னை மாநகருக்குப் பல்லாண்டுகளாக நீர் எடுக்கப்பட்டு வந்தது. மிகுதியாக இறைத்ததன் விளைவாக மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்தடியில் உட்புகுந்தது. ஆதலால் மேற்கே பெரியபாளையத்தில் தொடங்கிக் கிழக்கே கடற்கரை நோக்கிக் கிணறுகளின் உப்புத்தன்மையை வரிசையாகக் காட்டும் படங்கள் இத்துறை ஆய்வுகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன.

அத்தகைய படம் ஒன்று, அச்சேறாத ஒரு பழைய திட்ட அறிக்கையில் உள்ளது. அதன் நிலைக்குத்து அச்சில் ‘மொத்தக் கரைதிண்மங்கள் (மி.கி./லி.)’ என்று எழுதப்பட்டுள்ளது. என் முதல் கருத்தரங்கக் கட்டுரையில் அப்படத்தை அப்படியே எடுத்தாண்டேன். ஓராண்டு கழிந்த பின்னரே அப்பெயர் பிழையானது என்பதையும், புள்ளிகள் உண்மையில் மின்கடத்துத்திறனைக் குறிக்கின்றன என்பதையும் உணர்ந்தேன். படத்தை வரையப் பயன்பட்ட விரிதாள் கோப்பு, பழுதடைந்த வன்தட்டு ஒன்றோடு போய்விட்டது. எஞ்சியிருப்பது அறிக்கையின் பட வடிவம் மட்டுமே. இந்நிலையில் அச்சுப்பெயரைத் திருத்த இயலுமா, இயலுமெனில் எவ்வளவு தூரம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிழையின் விளைவு

மின்கடத்துத்திறன் நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மைக்ரோசீமென்ஸ்/செ.மீ. அலகில் தரும் அளவு. மொத்தக் கரைதிண்மம் ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள பொருள்களின் எடை. முன்னதை ஏறத்தாழ 0.55 முதல் 0.75 வரையிலான ஓர் எண்ணால் பெருக்கினால் பின்னது கிடைக்கும், வழக்கில் 0.64 கொள்ளப்படுகிறது. இரண்டும் நூறுகளிலும் ஆயிரங்களிலும் வரும் எண்கள் என்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நின்றால் பார்ப்பவர் கண்ணுக்கு ஐயம் எழுவதில்லை. படத்தின் எண்கள் தசமப்புள்ளியோடு வந்திருந்தால் என் கண்ணில் அன்றே பட்டிருக்கும்.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500:2012, கரைதிண்மத்திற்கு ஏற்கத்தக்க எல்லையாக 500 மி.கி./லி. அளவையும், வேறு நீர்வளம் இல்லாதவிடத்து அனுமதிக்கத்தக்க எல்லையாக 2000 மி.கி./லி. அளவையும் வைத்துள்ளது. படத்தில் 2400 என்று காணும் கிணறு, அச்சுப்பெயரை நம்பினால் எல்லையைக் கடந்தது. அதுவே மின்கடத்துத்திறன் எனில் கரைதிண்மம் 1540 அளவில் நிற்கும். கிணறு எல்லைக்குள் வந்துவிடும். பாசனத்திலும் இதே சிக்கல் உண்டு. அமெரிக்க உவர்நில ஆய்வகம் 1954இல் வெளியிட்ட வகைப்பாட்டில் 750 முதல் 2250 மைக்ரோசீமென்ஸ் வரை மூன்றாம் வகை, அதற்குமேல் நான்காம் வகை. 1790 என்னும் புள்ளியைக் கரைதிண்மம் என நம்பி 0.64ஆல் வகுக்கும் ஆய்வாளர் 2797 என்னும் மின்கடத்துத்திறனைப் பெறுவார். மூன்றாம் வகைக் கிணற்றை நான்காம் வகையில் வைத்துவிடுவார். என் கட்டுரையில் நான் செய்ததும் இதுவே.

சான்று எங்கே உள்ளது

மூலக்கோப்பு இல்லை என்பதனாலேயே சான்று இல்லை என்றாகாது. இத்தகைய அறிக்கைகளில் பெரும்பாலும் சில கிணறுகளின் முதன்மை அயனிகளைத் தரும் அட்டவணை ஒன்று இருக்கும். அயனிகள் ஆய்வகத்தில் தனித்தனியே அளக்கப்படுபவை. மின்கடத்துத்திறன் மானியில் அளக்கப்படுவது. இரண்டும் தனித்தனி வழிகளில் வந்தவை என்பதால் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாக நிற்க முடியும்.

அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கழகத்தின் நீர்ப்பகுப்பாய்வுத் தரமுறை நூலில் இதற்குரிய சோதனை உள்ளது. நேர்மின் அயனிகளின் கூட்டுத்தொகையை மில்லிசமான அலகில் கண்டு 100ஆல் பெருக்கினால், வரும் தொகை அளந்த மின்கடத்துத்திறனின் 0.9 முதல் 1.1 மடங்குக்குள் அமைய வேண்டும். எதிர்மின் அயனிகளுக்கும் இதுவே விதி.

கணக்கு விளங்குவதற்காக ஒரு மாதிரிக் கிணற்றைக் கொள்வோம். பின்வரும் எண்கள் நான் அமைத்துக்கொண்டவை. அறிக்கையின் எண்கள் அல்ல. படத்தில் 0 என்னும் குறி 660ஆம் படப்புள்ளி வரிசையிலும் 6000 என்னும் குறி 60ஆம் வரிசையிலும் இருப்பின், ஒரு படப்புள்ளி 10 அலகுக்குச் சமம். கிணற்றுக்குரிய குறியின் நடு 481ஆம் வரிசையில் உள்ளது எனில் அதன் மதிப்பு (660 − 481) × 10 = 1790. குறியின் விளிம்பு மங்கியிருப்பதால் இரண்டு படப்புள்ளி முன்பின் ஆகலாம். ஆக, பிழையெல்லை 20. WebPlotDigitizer போன்ற மென்பொருள் இதனை விரைவாகச் செய்யும். ஆயினும் அளவுகோலை நிறுவும் இரு குறிகளையும் நாமே கண்ணால் தேர்ந்து சரிபார்ப்பது நல்லது.

இனி அட்டவணையில் அக்கிணற்றுக்குக் கால்சியம் 80, மக்னீசியம் 36, சோடியம் 253, பொட்டாசியம் 8 மி.கி./லி. என்றிருக்கட்டும். ஒவ்வொன்றையும் அதனதன் சமான எடையால் வகுக்க, முறையே 4.0, 3.0, 11.0, 0.2 மில்லிசமானம் வரும். கூட்டுத்தொகை 18.2, நூறால் பெருக்க 1820. படத்தில் படித்த 1790க்கு இது மிக அருகில் உள்ளது. மாறாக, 1790 உண்மையிலேயே கரைதிண்மம் எனில் மின்கடத்துத்திறன் 2400க்கும் 3250க்கும் இடையே இருந்தாக வேண்டும். நேர்மின் அயனிகள் 24 மில்லிசமானத்திற்குக் குறையாமல் வரவேண்டும். அட்டவணையில் இருப்பது 18. ஆகவே அச்சுப்பெயர் பொய்; புள்ளி மின்கடத்துத்திறனே.

ஒரு கிணற்றோடு நிறுத்தக்கூடாது. அட்டவணையில் உள்ள கிணறுகள் அனைத்திலும் விகிதம் ஒன்றையொட்டி வந்தால்தான் முடிவு உறுதியாகும். ஒரே ஒரு கிணறு மட்டும் விலகி நின்றால், பிழை அச்சில் இல்லை. அந்தக் கிணற்றின் பெயரிலோ பகுப்பாய்விலோ இருக்கக்கூடும். கிழக்கே செல்லச் செல்ல இன்னொரு தடையும் உண்டு. மின்கடத்துத்திறன் ஏறத்தாழ 2000ஐக் கடந்தால் அயனிகள் ஒன்றையொன்று தடுப்பதால் ‘நூறு மடங்கு’ விதி தளர்ந்து, கணக்கிட்ட தொகை அளந்ததைவிட மிகுதியாக வரத் தொடங்கும். எனவே மீஞ்சூர்ப் பக்கக் கிணறுகளை விட்டு, உப்புக் குறைந்த மேற்குக் கிணறுகளைக் கொண்டே சோதனை செய்ய வேண்டும்.

அட்டவணையிலேயே கரைதிண்மத்திற்கு ஒரு நிரல் உள்ளதே, அதனைப் படத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்று கேட்கலாம். அங்கேதான் நான் முதலில் வழுக்கினேன். அந்நிரலின் எண்கள் எல்லாம் படத்தின் எண்களை 0.64ஆல் பெருக்கியவையாகவே அமைந்திருந்தன. உலர்த்தி எடைபோட்ட கரைதிண்மம் எல்லாக் கிணறுகளிலும் ஒரே விகிதத்தில் வரவே வராது. மின்கடத்துத்திறனிலிருந்து கணக்கிட்டு நிரப்பிய நிரல் அது. அச்சுப்பெயர் பிழை என்று அது குறிப்புணர்த்துகிறது. ஆனால் ஒன்றிலிருந்து பிறந்த எண் அதற்கே தனிச்சாட்சி ஆகாது. அயனிச் சோதனையே முடிவைத் தாங்குகிறது.

திருத்தத்தின் எல்லை

பிழை உறுதியான பின் இரண்டு வழிகள் கண்முன் நிற்கின்றன. அச்சுப்பெயரை ‘மின்கடத்துத்திறன் (மைக்ரோசீமென்ஸ்/செ.மீ.)’ என மாற்றி எண்களை அப்படியே விடலாம். அல்லது பெயரை வைத்துக்கொண்டு அச்சின் எண்களை எல்லாம் 0.64ஆல் பெருக்கி எழுதலாம். இரண்டாவது வழியை நண்பர் ஒருவர் பரிந்துரைத்தார். ஆய்வின் தலைப்புக் கரைதிண்மத்தைப் பற்றியது என்பது அவர் வாதம். அதனை ஏற்க இயலாது. குளோரைடு மிகுந்த கடலோர நீருக்கு அப்பெருக்கெண் குறையும். பைகார்பனேட்டும் சல்பேட்டும் மிகுந்த நீருக்குக் கூடும். ஒரே எண்ணால் அச்சை மாற்றினால் எவரும் அளக்காத மதிப்புகளை அளந்தவைபோலக் காட்டுவதாகும்.

பெயரை மாற்றினாலும் வேலை முடிவதில்லை. அப்படத்தில் 2000 என்னுமிடத்தில் சிவப்புக் கோடு ஒன்று ‘அனுமதி எல்லை’ என்னும் குறிப்புடன் ஓடுகிறது. கரைதிண்மத்திற்கான அந்த எல்லை, பெயர் மாறிய அச்சில் பொருளற்றது. ஐ.எஸ். 10500 மின்கடத்துத்திறனுக்கு எல்லை எதுவும் வகுக்கவில்லை. கோட்டை 3125க்கு உயர்த்துவதும் 0.64ஐ மறைமுகமாக நுழைப்பதே. ஆதலால் கோட்டை நீக்குவதும், ‘ஐந்து கிணறுகள் எல்லையைக் கடந்தன’ என்பது போன்ற உரைப்பகுதிகளைத் திரும்பப் பெறுவதும் கட்டாயமாகின்றன. அச்சுப்பெயரை மட்டும் திருத்திக் கோட்டை விட்டுவைத்தால் முந்தைய பிழையைவிட நம்பத்தகுந்த பிழை ஒன்று உருவாகும்.

செய்முறையில் சில நுட்பங்கள் உள்ளன. பழைய பெயரை வெள்ளைக் கட்டத்தால் மூடும்போது அச்சின் குறிக்கோடுகளும் எண்களும் தொடப்படக்கூடாது. கோடு குறுக்கிடும் புள்ளிகளைக் கோட்டோடு சேர்த்து அழித்துவிடாமல் படப்புள்ளி அளவில் பார்த்து நீக்க வேண்டும். JPG வடிவில் மீண்டும் சேமித்தால் குறிகளின் விளிம்பு மேலும் மங்கும். PNG வடிவே தக்கது. தமிழ் எழுத்துக்களை ஒழுங்காகக் கோக்காத படமென்பொருள்களில் ‘மெ’ என்பதன் கொம்பு எழுத்தின் பின்னால் போய் நிற்பதுண்டு. அதனால் பெயரை Inkscape போன்ற மென்பொருளில் எழுதித் திருப்பி வைப்பது பாதுகாப்பானது. ‘மைக்ரோ’வைக் குறிக்கும் எழுத்து எழுத்துரு மாறும்போது ‘m’ ஆகிவிட்டால் மதிப்பு ஆயிரம் மடங்கு மாறிவிடும் என்பதால், அலகைத் தமிழில் முழுச்சொல்லாகவே எழுதினேன்.

பழைய படத்தை நீக்கிவிட்டுப் புதியதை அதே பெயரில் வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது; அதனோடு எனக்கு உடன்பாடில்லை. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் காட்டினார். தாம் கொண்ட பாடம் தவறெனில் அடுத்தவர் மற்றதைக் கொள்ள அதனால் வழி இருந்தது. மூலக்கோப்பு இல்லாத படத்தில் நாம் செய்வதும் ஊகித்துக் கொண்ட பாடமே. அதனால் பழைய படத்தைப் பின்னிணைப்பில் மாறாமல் வைத்து, திருத்திய படத்தின் கீழ்ப் பின்வரும் குறிப்பைச் சேர்த்துப் பிழைதிருத்தமாக அனுப்பியுள்ளேன்:

‘இப்படத்தின் நிலைக்குத்து அச்சுப்பெயர் மூலத்தில் “மொத்தக் கரைதிண்மங்கள் (மி.கி./லி.)” என்றிருந்தது. அயனிக் கூட்டுத்தொகைச் சோதனையின் அடிப்படையில் மின்கடத்துத்திறன் எனத் திருத்தப்பட்டது. அச்சின் எண்களும் புள்ளிகளும் மாற்றப்படவில்லை, எல்லைக்கோடு நீக்கப்பட்டது. மூலத்தரவுக் கோப்பு கிடைக்கவில்லை. அயனிப் பகுப்பாய்வு இல்லாத கிணறுகளுக்கும், உப்பு மிகுந்த கிழக்குக் கிணறுகளுக்கும் இத்திருத்தம், அனைத்தும் ஒரே நிரலிலிருந்து வரையப்பட்டவை என்னும் கருதுகோளின்பேரில் பொருந்தும்.’

கடைசி வாக்கியத்தை நீக்கலாம் என்று மதிப்பீட்டாளர் ஒருவர் எழுதினார். அதை நீக்கவில்லை. கிழக்குக் கிணறுகளின் நீரை மறுபடி அளக்க இயலும்; ஆனால் அன்றைய நீர் இன்று அங்கில்லை.