ஐந்தருவியும் சீரியல் செட்டும்

மின்சாரத்தைத் தண்ணீரோடு ஒப்பிட்டுச் சொல்லிக் கொடுப்பது நம் வகுப்பறைகளில் பழைய வழக்கம். தென்காசி, குற்றாலம் பக்கத்து மாணவர்களுக்கு அந்த உவமை கண்ணெதிரிலேயே விழுந்துகொண்டிருக்கிறது. மலைமேல் தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி, அடிவாரத்தில் பேரருவி என்று சிற்றாற்றின் ஒரே தண்ணீர் அடுத்தடுத்து விழுகிறது. தொடர் இணைப்புக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஐந்தருவியிலோ பாறைமேல் வரும் ஓடை ஐந்து கிளையாகப் பிரிந்து விழுந்து, கீழே மறுபடியும் ஒன்றாகிறது. பக்க இணைப்பு அப்படித்தான் இருக்கும். பல்புகள் எல்லாம் எரிந்துகொண்டிருக்கும் வரை இந்த உவமை நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு பல்பு ஃபியூஸ் போனால் மற்றவை என்ன ஆகும் என்று கேட்டவுடன், இரண்டு இணைப்பிலும் அது தவறான விடையைத் தருகிறது. எந்த இடத்தில் அதைக் கைவிட வேண்டும் என்று தெரியாமல் பயன்படுத்துவதுதான் குறை.

முதலில் அதன் பலத்தைப் பார்ப்போம். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது மின்னோட்டம், மின்னழுத்தம் என்ற இரண்டையும் பிரித்தறிவதில். அருவியில் இரண்டும் வெவ்வேறாகத் தெரிகின்றன: ஓடும் தண்ணீரின் அளவு மின்னோட்டம், விழும் உயரம் மின்னழுத்த வேறுபாடு. சிற்றாற்றில் மூன்று அருவிகளிலும் விழுவது ஒரே தண்ணீர். மலையின் மொத்த இறக்கத்தைத்தான் அவை பங்கிட்டுக்கொள்கின்றன. ஐந்தருவியில் உயரம் கிளைகளுக்குப் பொது, தண்ணீர்தான் பங்காகிறது. தொடர் இணைப்பில் மின்னோட்டம் சமம், அழுத்தம் பிரியும். பக்க இணைப்பில் அழுத்தம் சமம், மின்னோட்டம் பிரியும். மனப்பாடம் செய்ய வேண்டிய இந்த இரண்டு வரிகளையும் ஒரு சீசனில் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இனி ஒரு பல்பு ஃபியூஸ் போகட்டும். பல்புக்குள் இருக்கும் மெல்லிய மின்னிழை அறுந்துவிட்டது என்பதே இதற்குப் பொருள். செண்பகாதேவிக்கு மேலே ஓடையை யாரோ அடைத்துவிட்டதாக மாணவர் கற்பனை செய்துகொள்கிறார். கீழே பேரருவி வற்றும். மேலே தேனருவி விழுந்துகொண்டே இருக்கும். ஆகவே அறுந்த பல்புக்கு முன்னால் இருப்பவை எரியும், பின்னால் இருப்பவை அணையும் என்று எழுதுகிறார். உவமைப்படி அவர் எழுதியது சரி, உண்மையில் தவறு. கோயில் திருவிழாவில் கட்டும் பழைய சீரியல் செட்டை எடுத்துக்கொள்வோம். 6 வோல்ட் பல்புகள் 40 வரிசையாகக் கோக்கப்பட்டிருந்தால், 230 வோல்ட் ஆளுக்கு 5.75 வோல்ட்டாகப் பங்காகிறது. அதில் எந்தப் பல்பு போனாலும் நாற்பதும் ஒரே நேரத்தில் அணையும். மின்சுற்றில் மேலிருந்து வந்து கீழே போய்விடும் தண்ணீர் இல்லை. கம்பி முழுவதும் ஏற்கனவே நிறைந்திருக்கும் எலக்ட்ரான்கள் சேர்ந்து நகர்கின்றன. இதற்கு ஓடையைவிட சைக்கிள் செயின் பொருத்தமான உவமை. செயினில் எந்தக் கண்ணி அறுந்தாலும் முன்பகுதி, பின்பகுதி என்றில்லாமல் எல்லாம் நின்றுவிடும்.

இதற்கு எலக்ட்ரீஷியனின் டெஸ்டரே சாட்சி. அணைந்த செட்டில் ஃபேஸ் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பல்பாகத் தொட்டு வந்தால், அறுந்த இடம் வரை டெஸ்டர் எரியும், அதைத் தாண்டினால் எரியாது. மின்னோட்டம் இல்லாதபோது நல்ல பல்புகளில் அழுத்தம் துளியும் இறங்குவதில்லை. 230 வோல்ட் முழுவதும் அந்த ஒரு அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கும் இடையே வந்து நிற்கிறது. அணைந்த செட்தானே என்று பிளக்கைப் பிடுங்காமல் பல்பைக் கழற்றுவது ஆபத்து என்பதற்குக் காரணம் இதுதான். நடுவிலிருந்து தொடங்கிப் பாதி பாதியாகச் சோதித்தால் நாற்பது பல்பில் பழுதானதை ஆறு சோதனைக்குள் பிடித்துவிடலாம். இது பெரியவர்கள் செய்யும் வேலை. மாணவர்கள் டார்ச் செல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிலர் போன பல்பை எடுத்துவிட்டு ஒயரை முறுக்கி இணைப்பார்கள். செட் மறுபடி எரியும். ஆனால் 39 பல்புக்கு ஆளுக்கு 5.9 வோல்ட். இப்படியே பத்துப் பல்பை எடுத்துவிட்டால் மீதி முப்பதுக்கு ஆளுக்கு 7.7 வோல்ட் கிடைக்கும். 6 வோல்ட் பல்பு அதில் நீண்ட நாள் தாங்காது.

பக்க இணைப்பில் உவமை வேறுவிதமாக வழுக்குகிறது. ஐந்தருவியின் ஒரு கிளையை அடைத்தால் அந்தத் தண்ணீர் மற்ற நான்கிலும் பாய்ந்து அவை பெருகும். ஆகவே ஒரு பல்பு போனால் மற்றவை கூடுதலாக ஒளிரும் என்று மாணவர் முடிவு செய்கிறார். வீட்டில் அப்படி நடப்பதில்லை. ஐந்து 60 வாட் குண்டு பல்புகள் எரிந்தால் ஒவ்வொன்றும் சுமார் 0.26 ஆம்பியர், மொத்தம் 1.3 ஆம்பியர் எடுக்கும். ஒன்று போனால் மொத்தம் 1.04 ஆகக் குறையும். மீதி நான்கும் அதே 0.26 ஆம்பியரில், அதே ஒளியோடு எரியும். ஓடையில் வரும் தண்ணீரின் அளவை மேலே பெய்த மழை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. கிளைகள் அதைப் பங்கிடத்தான் முடியும். வீட்டு மின்சாரத்தில் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருப்பது 230 வோல்ட் என்ற அழுத்தம். எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்பதைத் தன் மின்தடைக்கேற்ப ஒவ்வொரு பல்பும் தனித்தனியே தீர்மானிக்கிறது. "மின்னோட்டம் பிரிகிறது" என்ற பாடவரியில் பிழையில்லை. ஆனால் முதலில் ஒரு குறிப்பிட்ட மின்னோட்டம் வந்து, பிறகு அது பிரிவதுபோல் அது ஒலிக்கிறது. உண்மையில் கிளைகளின் தேவை கூடித்தான் மொத்தம் உண்டாகிறது.

ஒரு மறுப்பு எழலாம்: டார்ச் செல்லில் இரண்டு பல்பைப் பக்க இணைப்பில் எரியவிட்டு ஒன்றைக் கழற்றினால் மற்றது சற்றுப் பிரகாசமாகிறதே, அப்படியானால் ஐந்தருவி உவமை சரிதானே? கண்ணால் கண்டது பொய்யில்லை, காரணம்தான் வேறு. செல்லுக்குள்ளேயும் ஒரு மின்தடை இருக்கிறது. 1.5 வோல்ட் செல்லின் அகத்தடை 1 ஓம், பல்பு ஒவ்வொன்றும் 10 ஓம் என்று கொள்வோம். இரண்டும் எரியும்போது பல்புகளுக்குக் கிடைப்பது 1.25 வோல்ட், ஒன்றைக் கழற்றினால் மற்றதற்கு 1.36 வோல்ட். கழற்றிய பல்பின் மின்னோட்டம் அப்படியே இதற்கு வந்திருந்தால் இதன் மின்னோட்டம் இரட்டித்திருக்க வேண்டும். கூடியது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செல் பழசாகப் பழசாக அகத்தடை கூடி இந்த வித்தியாசமும் பெரிதாகும். ஆகவே இந்தச் சோதனையைப் புதுச் செல்லில் செய்துகாட்டுவதே நல்லது.

இன்னொரு மறுப்பு இன்றைய எல்.ஈ.டி. செட்டிலிருந்து வரும். அதில் ஒரு பகுதி மட்டும் இருண்டு, மீதி எரிவதைப் பார்க்கிறோமே, அது தொடரா, பக்கமா? இரண்டும்தான். சில விளக்குகளைத் தொடராகக் கோத்த சரங்கள் பல பக்க இணைப்பில் சேர்க்கப்பட்டிருக்கும். ஒரு விளக்கு அறுந்தால் அதன் சரம் அணையும், மற்றச் சரங்கள் எரியும். இதைப் பாதி அடைபட்ட ஓடை என்று விளக்கப் போனால் குழப்பமே மிஞ்சும். அறுந்த பிறகு ஒரு விளக்கின் வழியாக முழுச் சுற்று இன்னும் மூடியிருக்கிறதா, அதன் இரு முனைகளுக்கும் இடையே அதே அழுத்தம் இருக்கிறதா என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டால் விடை தானாக வரும்.

அருவி உவமையை வகுப்பறையிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. அழுத்தமும் மின்னோட்டமும் வேறு வேறு என்று காட்ட அதற்கு இணை இல்லை. ஆனால் பல்பு ஃபியூஸ் போகும் இடத்தில் ஆசிரியர் அதைத் தானே உடைத்துக் காட்ட வேண்டும்: தேனருவிபோல் முன்னால் இருப்பது எரியாது, ஐந்தருவிபோல் மீதி இருப்பது பெருகாது. இந்த இரண்டு வேறுபாடுகளுக்கும் காரணம் சொல்லத் தெரிந்த மாணவருக்குத்தான் பாடம் புரிந்திருக்கிறது.