சம்பளக் கணக்கு இல்லாத கம்பெனி

2025 ஜூலை 31 அன்று போர்ட் பிளேயரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கொல்கத்தாவிலும் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. அந்தமானில் தாங்கள் நடத்தும் முதல் சோதனை இது என்று அத்துறையே சொன்னது. அந்தமான் நிக்கோபார் மாநிலக் கூட்டுறவு வங்கி, வங்கி விதிகளை மீறி ஷெல் கம்பெனிகளுக்கும் ஃபர்ம்களுக்கும் கடன் கொடுத்தது என்பது குற்றச்சாட்டு. முதலில் சுமார் 15 நிறுவனங்கள், 200 கோடிக்கு மேல் கடன் என்றார்கள். செப்டம்பரில், வங்கி நிர்வாகத்தில் இருந்த முன்னாள் மக்களவை உறுப்பினர் ஒருவரையும் வங்கி அதிகாரிகளையும் கைது செய்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட கடன் கணக்குகள், 500 கோடிக்கு மேல் என்று அந்தக் கணக்கு வளர்ந்திருந்தது. கடன் தொகையில் பெரும்பங்கு ரொக்கமாக எடுக்கப்பட்டது என்றும் அத்துறை சொல்கிறது. இவை இன்னும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டுகள்.

வழக்கின் முடிவை ஊகிப்பது என் வேலையல்ல. இவ்வளவு கடன் கைமாறும்போது, கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களையும் அதன் ஆள்கணக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு, அது லெட்டர்பேட் கம்பெனியா என்று வெளியாள் ஒருவர் சொல்ல முடியுமா? பத்திரிகையாளர்களும் ஆடிட்டர்களும் வங்கிக்காரர்களும் இந்த முறையை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். அது எங்கே பிடிக்கும், எங்கே வழுக்கும் என்பது பார்க்க வேண்டிய விஷயம்.

இந்தியச் சட்டத்தில் ‘ஷெல் கம்பெனி’ என்பதற்கு விளக்கமே கிடையாது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 248ஆம் பிரிவு, இரண்டு நிதியாண்டுகளாக வியாபாரம் எதுவும் செய்யாத, ‘உறங்கும் கம்பெனி’ என்ற தகுதி கேட்டு விண்ணப்பிக்கவும் செய்யாத கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்கிறது. ஆனால் வியாபாரம் செய்யாததும் மோசடியும் ஒன்றல்ல. ஆகவே கையில் இருப்பவை அறிகுறிகள்தான், தீர்ப்பல்ல.

அந்தமான் கம்பெனிகளின் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது சென்னையில் உள்ள கம்பெனிப் பதிவாளர். அந்தமானில் பதிவான கம்பெனியின் 21 எழுத்து அடையாள எண்ணில் AN என்ற குறியீடு இருக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அடிப்படை விவரங்களும், யாரிடம் எதை அடமானம் வைத்துக் கடன் வாங்கியது என்ற பட்டியலும் இலவசம். நூறு ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி இதுவரை தாக்கல் செய்த பொது ஆவணங்களைத் திறந்து படிக்கலாம். முக்கியமானவை இரண்டு: AOC-4 என்ற படிவத்தில் வரும் வரவுசெலவும் பேலன்ஸ் ஷீட்டும், MGT-7 என்ற ஆண்டு ரிட்டர்ன்.

எப்படிப் படிப்பது என்பதை ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துப் பார்ப்போம். பதிவு முகவரி போர்ட் பிளேயரின் மின்னி பே பகுதி. பங்கு மூலதனம் 1 லட்சம். பிப்ரவரியில் 3 கோடி வங்கிக் கடன் வாங்கியிருக்கிறது. மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் இந்த 3 கோடியே 1 லட்சம் எங்கே போனது என்று பார்த்தால், நிலையான சொத்து 6 லட்சம், ரொக்கமும் வங்கி இருப்பும் 25 லட்சம், மீதி 2 கோடியே 70 லட்சம் ‘சப்ளையர்களுக்குக் கொடுத்த முன்பணம்’. அந்த ஆண்டு வருமானம் 22 லட்சம், ‘கமிஷன்’ என்ற பெயரில். ஊழியர் செலவு 1 லட்சத்து 80 ஆயிரம். வாடகை இல்லை, மின்கட்டணம் இல்லை, சரக்குக் கூலி இல்லை.

ஊழியர் செலவை 12ஆல் வகுத்தால் மாதம் 15 ஆயிரம். ஒரே ஒரு ஆள். அந்த ஒருவர்தான் 2 கோடியே 70 லட்சத்துக்குப் பொருள் கேட்டு, பேரம் பேசி, முன்பணம் அனுப்பியிருக்கிறார். இங்கே புருவம் உயரலாம், ஆனால் முடிவு கட்ட இது போதாது. இயந்திரத்துக்கு நிஜமாகவே ஆர்டர் கொடுத்து, கப்பலுக்காகக் காத்திருக்கும் புதுக் கம்பெனியும் அந்த மார்ச் 31 அன்று அச்சாக இப்படித்தான் தெரியும்.

பிரித்துக் காட்டுவது அடுத்த ஆண்டின் பேலன்ஸ் ஷீட். நிஜ வியாபாரத்தில் முன்பணம் இறங்கும். சரக்காகவோ இயந்திரமாகவோ மாறும், கூடவே சம்பளமும் டீசலும் ரிப்பேர் செலவும் தலைகாட்டும். அடுத்த மார்ச்சிலும் அதே 2 கோடியே 70 லட்சம் அதே தலைப்பில் அசையாமல் உட்கார்ந்திருந்தால், பணம் போனது சப்ளையரிடம்தானா என்று கேட்க வேண்டிவரும். இன்னொன்றும் உண்டு. 11 சதவீத வட்டி என்று வைத்தால் 3 கோடிக்கு ஆண்டு வட்டி 33 லட்சம். வருமானமோ 22 லட்சம். அப்படியிருந்தும் கடன் கணக்கு வாராக்கடனாகாமல் ஒழுங்காக நடந்தால் வட்டி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விடை இன்னொரு கம்பெனியின் பெயரில் எடுத்த இன்னொரு கடனில் இருக்கும். அப்போது அடமானப் பட்டியலில் அதே வங்கி, அதே காலம், பக்கத்துப் பக்கத்துத் தேதிகள் என்று கம்பெனிகள் வரிசையாகக் கிடைக்கும். டைரக்டர்களும் முகவரியும் ஆடிட்டரும் ஒன்றாக இருந்தால் அது ஒரு கம்பெனி அல்ல, ஒரு கூட்டம்.

இதுதான் இந்த முறையின் உண்மையான பலம் என்று நினைக்கிறேன். எந்த ஒரு எண்ணும் தனியாக எதையும் சொல்வதில்லை. ஒரு வரி இன்னொரு வரியோடு பொருந்துகிறதா, இந்த ஆண்டு போன ஆண்டிலிருந்து நகர்ந்திருக்கிறதா என்பதில்தான் சேதி இருக்கிறது. பொய்க் கணக்கு எழுதுகிறவர் மொத்தம் சரியாக வரவேண்டும் என்று பார்ப்பார். வேலை நடக்கும் இடத்தில் தானாகச் சேரும் சில்லறைச் செலவுகளை வருடா வருடம் கற்பனை செய்து எழுதும் பொறுமை அவருக்கு அநேகமாக இருக்காது.

ஆள்கணக்கு என்று தனியாகச் சொல்லப்படுவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பி.எஃப். நிறுவனத்தின் தளத்தில் ஒரு நிறுவனத்தின் பெயரைத் தேடினால், எந்த மாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டியது என்பது வரை யாரும் பார்க்கலாம். அருமையான வசதி. ஆனால் இரண்டு பக்கமும் தப்பாகப் படிக்கிறார்கள். 2020 பிப்ரவரியிலிருந்து புதிதாகப் பதிவாகும் ஒவ்வொரு கம்பெனிக்கும் பதிவோடு சேர்த்தே பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்கள் வந்துவிடுகின்றன. ஆகவே எண் இருப்பதால் ஆள் இருப்பதாகச் சொல்ல முடியாது. மாதாமாதம் கட்டிய சலான் இருக்கிறதா என்பதே கேள்வி. மறுபுறம், பி.எஃப். சட்டம் பொதுவாக 20 பேர் இருந்தால்தான் கட்டாயம். பன்னிரண்டு பேரோடு நாணயமாக நடக்கும் கடல்சுற்றுலா கம்பெனிக்குச் சலானே இருக்காது. கான்ட்ராக்டர் மூலம் ஆள் வைத்திருந்தால் அவர்கள் கான்ட்ராக்டரின் கணக்கில் தெரிவார்கள். அந்தமான் போன்ற இடத்தில் சுற்றுலாவும் அரசு ஒப்பந்த வேலையும் முக்கியப் பிழைப்பு என்பதால், அங்கே இது விதிவிலக்கு அல்ல, வழக்கம்.

ஆளைப் போலியாக உருவாக்க ஆகும் செலவையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 15 ஆயிரம் சம்பளத்துக்கு இரு தரப்புப் பங்கும் நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து சுமார் 25 சதவீதம், அதாவது தலைக்கு மாதம் 3,750 ரூபாய். இருபது உறவினர்களை ஊழியராகக் காட்டினால் மாதம் 75 ஆயிரம், ஆண்டுக்கு 9 லட்சம். 3 கோடிக் கடனில் இது 3 சதவீதம். அந்தப் பணத்திலும் பெரும்பகுதி உறவினர்களின் பி.எஃப். கணக்கில்தான் சேரும். இவ்வளவு மலிவாக விலைக்குக் கிடைக்கும் ஒன்றை உண்மைக்குச் சாட்சியாக வைக்கலாமா? ஆள் இல்லை என்பது சந்தேகத்தைக் கூட்டலாம். ஆள் இருப்பதாகக் காட்டுவது அதைக் குறைக்கக் கூடாது. இந்த ஏற்றத்தாழ்வைப் பலரும் கவனிப்பதில்லை.

அறிகுறியைத் தீர்ப்பாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஆகஸ்ட் நல்ல உதாரணம். பணமதிப்பிழப்புக்குப் பிந்தைய வேட்டையின்போது, அமைச்சகத்திடமிருந்து வந்த பட்டியலை வைத்து 331 கம்பெனிகளைச் சந்தேக ஷெல் கம்பெனிகள் என்று சொல்லி அவற்றின் பங்கு வர்த்தகத்தை செபி ஏறக்குறைய முடக்கியது. மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் வாங்கலாம், விற்கலாம். பட்டியலில் மும்பை மெட்ரோ சுரங்கப் பணியில் இருந்த ஜே. குமார் இன்ஃப்ராப்ராஜெக்ட்ஸும் இருந்தது, பிரகாஷ் இண்டஸ்ட்ரீஸும் இருந்தது. இரண்டும் பங்குச் சந்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போயின. விசாரணையே இல்லாமல் பிறப்பித்த உத்தரவு என்று மூன்றே நாளில் தடை வந்தது. மெட்ரோ சுரங்கப் பணியில் தொழிலாளர்களை இறக்கியிருந்த கம்பெனியை ‘ஷெல்’ என்று எழுத ஒரு பட்டியல் போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. தொடர்ந்து ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அதில் நியாயம் உண்டு, நீக்கப்பட்ட சில கம்பெனிகளின் வங்கிக் கணக்குகளில் கோடிகள் வந்து போயிருந்ததும் தெரியவந்தது. ஆனால் இந்தச் சல்லடையில் மாட்டுவது சோம்பேறி மோசடிக்காரர்களும், ஆடிட்டருக்குக் கொடுக்கப் பணமில்லாமல் கடையை மூடிவிட்டுப் போன சாமானியர்களும்தான். வங்கியை ஏமாற்ற நினைப்பவர் ரிட்டர்னைத் தவறாமல் தாக்கல் செய்வார், ஏனென்றால் கடன் விண்ணப்பத்தோடு அதைத்தான் இணைக்க வேண்டும்.

கூட்டுறவு வங்கி வழக்கில் இன்னும் பெரிய ஓட்டை தெரிகிறது. குற்றச்சாட்டில் ‘கம்பெனிகளும் ஃபர்ம்களும்’ என்று இருக்கிறது. தனியுரிமைக் கடையோ கூட்டாண்மை ஃபர்மோ கம்பெனிப் பதிவாளரிடம் வருடாந்தரக் கணக்கு எதையும் தாக்கல் செய்வதில்லை. பி.எஃப். சலானை விட்டால், இவற்றுக்கு வெளியாள் பார்க்கக் கிடைப்பது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. தளம்தான். அந்தமானின் எண்கள் 35 என்று தொடங்கும். பதிவு இருக்கிறதா, மாத ரிட்டர்ன் போட்டார்களா என்பது தெரியும். எவ்வளவு விற்றார்கள் என்பது தெரியாது, பூஜ்யம் காட்டிய ரிட்டர்னும் ‘தாக்கல் செய்யப்பட்டது’ என்றே தெரியும். பேலன்ஸ் ஷீட்டைப் படித்துக் கண்டுபிடிக்கும் கலை முழுவதும் இந்த இடத்தில் பயனற்றுப்போகிறது.

முகவரியை நேரில் பார்க்கலாமே என்பார்கள். சட்டத்தின் 12ஆம் பிரிவு பதிவாளருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. 2019இல் டைரக்டரை நிற்கவைத்து அலுவலகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னதும் இதற்காகத்தான். சென்னையில் இருக்கும் பதிவாளருக்கு மின்னி பே என்பது விமானம் ஏறிப் போக வேண்டிய இடம், கப்பலில் என்றால் மூன்று நாள். கடன் கொடுக்கும் வங்கிக்கோ அது ஆட்டோவில் போய்வரும் தூரம். சப்ளையர் யார், அவருக்குப் போன பணம் எந்தக் கணக்கில் இறங்கியது, கடன் கணக்கிலிருந்து ரொக்கமாக யார் எடுத்தார்கள் என்பதெல்லாம் வங்கியின் சொந்த லெட்ஜரிலேயே இருக்கும். வெளியாள் நூறு ரூபாய் கட்டித் தேடும் அறிகுறிகளில் பெரும்பாலானவை அவருக்கு முன்பே கடன் அதிகாரியின் மேசைக்கு வந்துவிடுகின்றன. குற்றச்சாட்டு வங்கிக்கு உள்ளே இருந்தவர்கள் மீதே என்னும்போது, ஷெல்லைக் கண்டுபிடிக்கும் அறிகுறிகளை அந்த மேசைக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஆய்வாளர் ஆண்டுதோறும் படிக்க வேண்டும்: முதல் ஆண்டுக் கணக்கை அல்ல, இரண்டாம் ஆண்டுக் கணக்கை, அசையாமல் நிற்கும் அந்த முன்பண வரியிலிருந்து தொடங்கி.