மூன்றாகப் பிரித்த சுருக்கம்: பலமும் பழுதும்

கல்வராயன் மலையில் ஒரு குக்கிராமத்துக்குக் குடிநீர்க் குழாய் போடும் வேலையை எடுத்துக்கொள்வோம். இது நான் புனைந்த மாதிரிதான். ஆனால் பொறியாளர், வனச்சரகர், தொண்டு நிறுவன ஒருங்கிணைப்பாளர் என மூன்று பேர் ஒரு மாதம் எழுதிக்கொண்ட நாற்பது மின்னஞ்சல்களுக்குப் பிறகு, நிதி தரும் அதிகாரி ஒருவர் கள்ளக்குறிச்சியிலிருந்து அந்தத் தொடரில் புதிதாகச் சேர்வது எங்கும் நடப்பதே. ஒருங்கிணைப்பாளர் அவருக்குச் சுருக்கம் எழுதி அனுப்புகிறார்:

“சாலையோர வழி நீளம் என்பதால் மார்ச் 11-ல் காட்டு வழி முடிவு செய்யப்பட்டது. சரகர் மரங்களை எண்ணச் சொன்னார். பார்த்துக்கொள்ளலாம் என்றோம். ஏப்ரல் 2-ல் குழாய்க்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.”

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் புதியவர், வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது என்றே நினைப்பார். நடந்த வரிசையில் சொல்லும்போது கடைசியாக நடந்தது முடிவுபோலத் தோன்றிவிடுகிறது. மரக் கணக்கோ நடுவில் புதைந்து போகிறது.

பின்னணி, முடிவு, நிலுவை என்று பிரித்து எழுதினால் அதே செய்தி வேறு முகம் காட்டும்:

“பின்னணி: காட்டு வழி 900 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அதாவது 0.18 ஹெக்டேர். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)-இன்படி ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தைக் குடிநீருக்கு விடலாம். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

முடிவு: காட்டு வழி (மார்ச் 11, மூவரும் ஒப்புதல்). மாவட்ட வன அலுவலரின் அனுமதிக்கு உட்பட்டது. சாலையோர வழி 1,400 மீட்டர் என்பதால் அதை மூவரும் அன்றே கைவிட்டனர்.

நிலுவை: மர எண்ணிக்கை. பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. கிராம சபைத் தீர்மானத்தின் நகல் வரவில்லை. குழாய்க்கு ஏற்கெனவே ஆர்டர் போயிருக்கிறது.”

இப்போது அதிகாரி கணக்குப் போட முடியும். 0.18 ஹெக்டேரில் 13 மரங்களுக்கு மேல் வெட்ட முடியாது. பொறியாளரோ தன் அஞ்சல் ஒன்றில் “பத்துப் பன்னிரண்டு இருக்கும்” என்று உத்தேசமாக எழுதியிருந்தார். பன்னிரண்டுக்கு மேல் இரண்டு மரம் கூடினால் வழியையே மாற்ற வேண்டும். இந்த ஆபத்தைக் கண்ணில் படவைப்பதுதான் இந்த முறையின் பெரிய பலம்.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டு அரசாணையில் சுருக்கம், பார்வை, ஆணை என்று தனித்தனியாக இருக்கும். அலுவலகத்தில் விவாதம் குறிப்புக் கோப்பில், வந்த கடிதங்கள் நடப்புக் கோப்பில். ஆனால் ஆணையில் ‘நிலுவை’ என்ற பகுதி கிடையாது. விவாதம் முடிந்த பிறகே ஆணை பிறக்கிறது. மின்னஞ்சல் தொடரோ பாதியில் நிற்கும் வேலை. அதை ஆணையின் நடையில் எழுதும்போதுதான் தவறு நுழைகிறது. “முடிவு செய்யப்பட்டது” என்ற செயப்பாட்டுவினை, முடிவெடுத்தவரை மறைத்துவிடும். முடிவுப் பகுதியில் ஆள் பெயரும் தேதியும் இல்லாத வரியை நான் ஏற்பதில்லை.

இந்த முறைக்குப் பழுதும் உண்டு. முதலாவது, எதை எந்தப் பெட்டியில் போடுவது என்பதே ஒரு தீர்ப்பு. “பார்த்துக்கொள்ளலாம்” என்பது சம்மதமா, தள்ளிப்போடலா? தமிழில் அது இரண்டுமாகலாம். எழுதுபவர் அதை முடிவில் சேர்த்தால் இல்லாத ஒப்புதல் உண்டாகிவிடும். ஐயமிருந்தால் நிலுவையில் போட்டு, சொன்னவரின் சொற்களை அப்படியே தர வேண்டும். நிபந்தனையுள்ள முடிவு இரண்டு பெட்டிக்கும் உரியது. ஒரே இடத்தில் சொன்னால் நிபந்தனை காணாமல் போகும். மேலே அனுமதி என்ற நிபந்தனை முடிவிலும், அதற்கு வேண்டிய எண்ணிக்கையும் தீர்மானமும் நிலுவையிலும் வந்தது அதனால்தான்.

இரண்டாவது பழுது ஆழமானது; இதைப் பெட்டி பிரித்துச் சரிசெய்ய முடியாது. தொடரைச் சுருக்கினால் தொடரில் இருப்பதே வரும். மலைக் கிராமத்தில் முக்கியமான முடிவு கிராம சபையில் வாயால் பேசப்பட்டு, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தாகிறது. அங்கே யாராவது “காட்டு வழி வேண்டாம், அந்தப் பாதை மாடு மேய்க்கப் போகும் பாதை” என்று சொல்லியிருந்தால், நாற்பது அஞ்சல்களிலும் அது இருக்காது. சுருக்கம் எவ்வளவு ஒழுங்காக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அது முழுமையானது என்ற நம்பிக்கையும் புதியவருக்கு வந்துவிடும்.

ஆகவே மூன்று பெட்டிகளுக்கு மேலே ஒரு வரி வேண்டும்: “ஏப்ரல் 2 அஞ்சல் வரை, மின்னஞ்சலில் உள்ளவை மட்டும். கிராம சபைத் தீர்மானத்தை நான் பார்க்கவில்லை.” அதைப் படிக்கும் அதிகாரி முதலில் கேட்பது தீர்மானப் புத்தகத்தின் நகலாகத்தான் இருக்கும்.