பிள்ளைப்பாக்கம் ஏரியில் ஓர் அலை

காற்றடிக்கும் மாலையில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால், சிப்காட் லாரிச் சத்தத்தை மீறி அலைகள் கண்ணில் படும். அவற்றின் வேகத்தை எந்தச் சமன்பாடும் தீர்க்காமல், அலகுகளை வைத்தே ஊகிக்கலாம்.

வேகத்தைத் தீர்மானிக்கக்கூடியவை எவை? அலைநீளம், ஈர்ப்பு முடுக்கம், நீரின் அடர்த்தி. அடர்த்தி உடனே விழுந்துவிடுகிறது: அதில் கிலோகிராம் இருக்கிறது, அதை அடித்துவிட வேறெதிலும் கிலோகிராம் இல்லை. மிஞ்சியவற்றில் விநாடி இருப்பது ஈர்ப்பில் மட்டுமே, அதுவும் வர்க்கமாக. வேகத்திலோ ஒற்றை விநாடி. ஆகவே ஈர்ப்புக்கு வர்க்கமூலம். மீட்டர் கணக்கு சரிவர அலைநீளத்துக்கும் வர்க்கமூலம்.

v ∝ √(gλ)

எனக்குப் பிடித்தது, அடுத்துக் கிடைப்பதுதான். ஏரியின் ஒரு மீட்டர் அலையைவிடக் கடலின் நூறு மீட்டர் அலை பத்து மடங்கு வேகம். நீள அலை முந்தும். அதனால்தான் தொலைதூரப் புயல் எழுப்பியவற்றில் நீண்ட அலைகளே குமரிக் கரைக்கு முதலில் வருகின்றன.

முன்னிற்கும் எண்ணை மட்டும் அலகுகள் சொல்லாது. முழுக் கணக்கு தருவது 1/√(2π), ஏறத்தாழ 0.4. ஏரி அலைக்கு விநாடிக்கு 1.25 மீட்டர், நடை வேகம்.

ஆழம் அலைநீளத்தில் பாதிக்குக் கீழே போனால் இந்த ஊகம் தடுமாறும். ஆழமும் ஒரு நீளமாகக் கணக்குக்குள் வந்துவிடும். 2004 சுனாமி அப்படித்தான்: அதன் அலைநீளத்துக்கு முன் வங்கக் கடலே ஆழமற்ற குட்டை.