‘படு’ படுத்தும் பாடு

திருவனந்தபுரத்துத் தமிழன்பர்கள் இத்தகைய அறிவிப்பைக் கண்டிருப்பீர்கள்: “குழாய் சரிசெய்யப்பட இருப்பதால் நாளை குடிநீர் விநியோகம் நிறுத்தப்படும், பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” மூன்று ‘படு’, செய்பவர் ஒருவருமில்லை. ஆங்கில வாக்கியம் எழுவாயின்றி நிற்பது அரிது. ஆதலின் செய்பவரைச் சொல்லாதவிடத்துச் செயப்படுபொருளை எழுவாயாக்குவர். தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. தோன்றா எழுவாய் நமக்கு இயல்பு.

“குழாயைப் பழுதுபார்க்கிறோம். நாளை தண்ணீர் வராது; இன்றே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.”

‘பார்க்கிறோம்’ என்பதன் விகுதியே பொறுப்பேற்பவரைக் காட்டிவிடுகிறது. ‘ஒத்துழைப்பு’ எதுவென்பதும் விளங்குகிறது.

செயப்பாட்டுவினை தமிழுக்குப் புறம்பன்று. திருடியவர் தெரியாதபோது “நகை திருடப்பட்டது” எனலாம், (நம் பாட்டிமார் “திருட்டுப்போயிற்று” என்றே சொல்வர்!) ஆனால் “தடியடி நடத்தப்பட்டது” என்னும் செய்தி வேறு வகை. நடத்தியவர் யாரென்று நிருபர் அறிவார். அவர் “போலீசார் தடியடி நடத்தினர்” என்றே எழுதியிருக்கலாம்.